எதிரே சூரியன், எத்தனை வேகம் சரி?

கேள்வி: திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை ஆறே முக்கால் மணிக்கு, செங்கிப்பட்டிக்கு முன்னால், சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெரியவரை முப்பது மீட்டர் தூரத்துக்குள் வந்த பிறகுதான் பார்த்தேன். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்ததில் அவர் தப்பித்தார். நான் 80-ல்தான் போனேன், வேக வரம்புக்குள்தான். ஏதாவது ஆகியிருந்தால் தப்பு என் மேலா, சூரியன் மேலா? கூலிங் கிளாஸ் போட்டால் போதுமா? வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் பஸ் இடித்துவிடாதா? – வாசகர், திருச்சி.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஏதாவது ஆகியிருந்தால் பொறுப்பின் பெரும்பங்கு உங்கள் மேல்தான் வந்திருக்கும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்களே தந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டாலே அது தெரிந்துவிடும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். முப்பது மீட்டரைக் கடக்க உங்கள் காருக்கு ஒன்றரை விநாடிகூட ஆகாது. கண் கூசாத நல்ல வெளிச்சத்திலேயே, எதிரே இருப்பது என்ன என்று புரிந்து, கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். கூச்சத்தில் முதலில் தெரிவது ஆளாக இருக்காது, ஒரு மங்கலான நிழலாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்வதே நியாயம். நம் நாட்டில் சாலைகளை வடிவமைக்கும்போது பொறியாளர்கள் இதற்கு 2.5 விநாடி ஒதுக்குகிறார்கள். இரண்டு விநாடியில் உங்கள் கார் 44 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது, பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்காமல், முழு 80 வேகத்தில் அந்தப் பெரியவர் நின்ற இடத்தைக் கார் கடந்திருக்கும். உங்கள் கை சட்டென்று ஒடித்ததாலும், வலது லேனில் அந்த நேரம் யாரும் வராததாலும்தான் அவர் பிழைத்தார். அந்த லேனில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, முப்பது மீட்டர்தான் தெரிகிறது என்றால் எந்த வேகத்தில் போயிருக்க வேண்டும்? நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை, அழுத்தமான பிரேக் என்று வைத்துக்கொண்டால் 40-ல் யோசிக்கும் நேரத்தில் 22 மீட்டர் போகும், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 10 மீட்டர் ஆகும். மொத்தம் 32. மயிரிழையில் இடிப்பீர்கள், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம் மிச்சம் இருக்கும்போது. 35-ல் போயிருந்தால் 27 மீட்டரில் நின்றிருப்பீர்கள். ஆக, அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தில் உங்களுக்கு உரிய வேகம் 35. பலகையில் எழுதியிருக்கும் வரம்பு, சாலை முழுக்கத் தெரியும்போது அதற்கு மேல் போகக்கூடாது என்று சொல்கிறது. அந்த வேகத்தில் போகலாம் என்று அது எப்போதும் அனுமதி கொடுப்பதில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு, ஆபத்தாக ஓட்டுவதை வெறும் கிலோமீட்டர் எண்ணை வைத்து அளப்பதில்லை. சூழ்நிலைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறது. அந்த இடத்தின் தன்மை, அங்கே அந்த நேரம் இருக்கும் போக்குவரத்து, இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய போக்குவரத்து, எல்லாம் அதில் அடங்கும். கிராமத்தை ஒட்டிய நெடுஞ்சாலையில் விடிகாலையில் சைக்கிளோடு ஒருவர் குறுக்கே வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான். சூரியன் கிழக்கே வருவதும் எதிர்பார்க்கக்கூடியதுதான். அதனால் ‘கண் கூசியது’ என்பது விபத்து நடந்த விதத்தை விளக்கலாம், பொறுப்பிலிருந்து உங்களை விடுவிப்பது கடினம். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பு இதை நேரடியாகவே சொல்கிறது: தடையில்லை என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். வெயில் கண்ணைக் கூசினால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள் என்று தனி விதியும் அங்கே உண்டு. ஜெர்மனியில் இது சாலைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது.

இனி அந்தப் பெரியவர் ஏன் முப்பது மீட்டர் வரை தெரியவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளை வாங்கினால் பிரச்சினை எவ்வளவு குறையும், எது குறையாது என்பது அதிலிருந்துதான் புரியும்.

முதல் காரணம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பளீரென்ற வெளிச்சம் கருவிழியிலும் லென்ஸிலும் சிதறி, விழித்திரை முழுவதும் வெள்ளை மல் துணி போட்டதுபோலப் பரவுகிறது. நீங்கள் பார்க்கும் பொருளும் சூரியனும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு அடர்த்தியாக இந்த வெண்படலம் விழும். இடைவெளிக் கோணம் இரண்டு மடங்கானால் படலம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் ஓரத்து மரம் தெளிவாகத் தெரிகிறது, சூரியனுக்கு நேர் கீழே சாலையில் நிற்பவர் காணாமல் போகிறார். எழுபது வயதை நெருங்கும்போது இந்தச் சிதறல் இளவயதில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் ஓட்டினால் அவர்களுக்குத் தெரியும் தூரம் உங்களுடையதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்புரை ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது, முன்கண்ணாடி. வெளியே தூசியும் பூச்சிக் கறையும் இருக்கும். உள்ளே, டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகும்போது வெளிவரும் ஆவியால் எண்ணெய் போன்ற மெல்லிய படலம் படியும். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது இரண்டும் கண்ணில் படாது. எதிரே தாழ நிற்கும்போது கண்ணாடி முழுவதும் வெளுத்துப்போகும். பழைய வைப்பர் இழுத்த கோடுகளும், மணல் லாரிக்குப் பின்னால் போனதில் விழுந்த ஊசிமுனைக் குழிகளும் இதைப் பல மடங்காக்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்பவரின் நிழல் விழுந்த பக்கத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். வெள்ளை வேட்டி கட்டியிருந்தாலும் உங்கள் பக்கம் அது சாம்பல் நிறம்தான். அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் வெண்படலம் விழுந்தால் ஆளுக்கும் சாலைக்கும் வித்தியாசமே இருக்காது.

கூலிங் கிளாஸ் பற்றிக் கேட்டீர்கள். அது கண்ணுக்கு இதம் தரும், சுருக்கிப் பார்க்க வேண்டிய சிரமம் குறையும். ஆனால் அது வெண்படலத்தையும் சைக்கிள்காரரையும் ஒரே அளவில் இருட்டாக்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும், அதனால் தெரியும் தூரம் பெரிதாகக் கூடாது. போலரைஸ்டு வகை வாங்கினால் டேஷ்போர்டின் பிரதிபலிப்பும், ஈரச் சாலையின் பளபளப்பும் குறையும். அந்த அளவுக்கு அது பயனுள்ளது. வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியை இதற்காக வாங்காதீர்கள். அது புற ஊதாக் கதிரால் கறுப்பது. காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் காருக்குள் அது சரியாகக் கறுக்காது. எந்தக் கூலிங் கிளாஸாக இருந்தாலும் சூரியன் விலகியதும் கழற்றிவிட வேண்டும்.

கண்ணுக்குள் விழும் படலத்தை உண்மையில் குறைப்பது சன்வைசர். சூரியன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டால் கண்ணுக்குள் நடக்கும் சிதறலில் பெரும்பகுதி நின்றுவிடும். சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் வைசரின் கீழ்விளிம்பு உங்கள் பார்வைக் கோட்டுக்கு இன்னும் நெருங்கி வரும், தாழ்ந்த சூரியனையும் மறைக்க முடியும். விளிம்பை சூரியனுக்குச் சற்றே கீழே வைத்தால் போதும், சாலையை மறைக்கும் அளவுக்கு இறக்காதீர்கள். வைசர் முன்கண்ணாடியின் வெளுப்பை மட்டும் தீர்க்காது. கண்ணாடியின் மேல் விழும் வெயில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அதற்குத் துடைப்பதுதான் வழி.

துடைப்பதிலும் முறை இருக்கிறது. வெளிப்பக்கம் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மணல் துகளைக் கழுவிவிடுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் தேய்ப்பதுதான் கோடு விழ முக்கியக் காரணம். உள்பக்கத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். அதில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, கடைசியில் காய்ந்த துணி. வெளிப்பக்கத்தைக் குறுக்காகவும் உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடையுங்கள். கோடு மிஞ்சினால் அது எந்தப் பக்கத்தில் என்று திசையை வைத்தே தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை உள்பக்கம், தினமும் வெளிப்பக்கம். இவ்வளவும் செய்த பிறகும் காலை வெயிலில் கண்ணாடியில் நட்சத்திரம்போலப் புள்ளிகள் மின்னினால் அவை குழிகள். துடைத்துப் போகாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு தரும் பாலிஷ் போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம் இன்னொரு திரை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சூரியன் நேரே இருக்கும்போது ஓடிக்கொண்டே கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். வைப்பர் ஒரு சுற்றுப் போய் வரும்வரை முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும், அந்த ஒரு விநாடியில் 80-ல் போகும் கார் 22 மீட்டர் போயிருக்கும்.

இவ்வளவு செய்தாலும் நிழலில் நிற்கும் மனிதர் என்ற மூன்றாவது காரணம் அப்படியே இருக்கிறது. அதற்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது. எவ்வளவு குறைப்பது என்பதை ஓட்டும்போதே கண்டுபிடிக்க ஒரு எளிய எண்ணிக்கை இருக்கிறது.

எதிரே சாலைமேல் ஒரு மங்கலான பொருளைத் தேர்ந்தெடுங்கள். தார் ஒட்டுப்போட்ட கறுப்புத் திட்டு, பாலத்தின் இணைப்புக் கோடு, கிழிந்து கிடக்கும் டயர்த் துண்டு, எதுவாக இருந்தாலும் சரி. அது கண்ணுக்குப் பிடிபட்ட நொடியிலிருந்து அதைக் கார் தாண்டும்வரை ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று நிதானமாக எண்ணுங்கள். நான்கு வருவதற்குள் தாண்டிவிட்டால் உங்கள் வேகம் அதிகம். எங்கிருந்து வந்தது இந்த நான்கு? யோசிக்க இரண்டு விநாடி. 80-ல் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான 41 மீட்டரை அதே வேகத்தில் ஓடினால் ஆகும் நேரம் கிட்டத்தட்ட இன்னும் இரண்டு விநாடி. 60-ல் மூன்றரை, 40-ல் மூன்று போதும், ஆனால் எல்லா வேகத்துக்கும் நான்கு என்றே வைத்துக்கொண்டால் டயர் தேய்மானத்துக்கும் காருக்குள் இருக்கும் சுமைக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். மழை ஈரம் இருந்தால் ஆறு வரை எண்ணுங்கள்.

இதில் அதிகம் பேர் தவறும் இடம், எண்ணுவதற்கு வெள்ளைக் கோட்டையோ முன்னால் போகும் லாரியையோ தேர்ந்தெடுப்பது. புதிதாக அடித்த வெள்ளைக் கோடு வெயிலில் மின்னும், நூறு மீட்டரிலேயே தெரியும். லாரி பெரிய கறுப்பு உருவமாகத் தெரியும். இரண்டும் தெரிவதால் சாலையே தெரிகிறது என்று மனம் நம்பிவிடும். நீங்கள் நிறுத்த வேண்டியது லாரிக்காக மட்டும் இல்லை, நாய்க்கும் சைக்கிளுக்கும் நடந்துபோகிறவருக்கும்தான். அதனால் எண்ணிக்கை எப்போதும் மங்கலான, தாழ்ந்த பொருளை வைத்தே இருக்கட்டும். புளியமரங்களின் நிழல் விழும் இடத்தில் மறுபடி எண்ணுங்கள். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் கண் பழக சில விநாடி ஆகும், அதுவரை நிழலுக்குள் இருப்பது எதுவும் தெரியாது.

சிலர் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு அதன் நிழலில் போவதைப் பார்க்கலாம். கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிழல் கிடைக்க வேண்டுமென்றால் ஆபத்தான அளவுக்கு நெருங்கிப் போக வேண்டும், லாரிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பின்னால் வரும் பஸ்ஸைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பஸ் ஓட்டுநருக்கும் அதே சூரியன்தான். ஆனால் அவரைச் சிக்கலில் மாட்டுவது நீங்கள் மெதுவாகப் போவதைவிட, திடீரென்று மெதுவாவதுதான். கூச்சம் எங்கே ஆரம்பிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தினமும் போகும் சாலை. வளைவு முடிந்து சாலை கிழக்கே திரும்பும் இடமும், மேம்பாலத்தின் ஏற்றம் முடியும் இடமும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அங்கே போவதற்கு முன்னாலேயே கண்ணாடியில் பின்னால் பார்த்து, இடது லேனுக்கு வந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தை இறங்கவிடுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டுப் பின்விளக்கை எரியவையுங்கள். ஹெட்லைட்டையும் போட்டுவிடுங்கள், அதோடு பின்விளக்கும் எரியும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிடாதீர்கள், நீங்கள் ஓரத்துக்குத் திரும்புகிறீர்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

திடீர் நிறுத்தத்துக்கு என்ன விலை என்பதைக் கோவையில் 2017-ல் நடந்த ஒரு விபத்தின் வழக்கு காட்டுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு கார் எந்த அறிகுறியும் காட்டாமல் சட்டென்று நின்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதி விழ, அதற்கும் பின்னால் வந்த பஸ் அந்த இளைஞரின் காலில் ஏறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பாதிப் பொறுப்பைக் கார் மீதும், 30 சதவீதத்தை பஸ் மீதும், போதிய இடைவெளி விடாததற்காக 20 சதவீதத்தை மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் மீதும் வைத்தது. முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் ஒரே நேரத்தில் கடமை இருக்கிறது என்பது இந்தப் பங்கீட்டிலேயே தெரிகிறது.

சூரியன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று தெரிந்தால் பாதிச் சிக்கலைக் கிளம்பும்போதே தவிர்க்கலாம். திருச்சியும் தஞ்சையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் உங்கள் சாலை கிட்டத்தட்ட நேர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சாலையின் நடுவிலேயே உதிக்கும், நடுவிலேயே மறையும். நீங்கள் மாட்டிக்கொண்டது வருடத்தின் மிக மோசமான இரண்டு பருவங்களில் ஒன்றில். ஜூனில் காலைச் சூரியன் 24 பாகை இடது பக்கமாக விலகியிருக்கும், டிசம்பரில் அதே அளவு வலது பக்கம். நேர் எதிரே தெளிவு கூடும், ஆனால் ஜூனில் இடது ஓரத்திலிருந்து இறங்குபவர்களும் டிசம்பரில் சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து வருபவர்களும் அந்தக் கூச்சத்துக்குள் மறைவார்கள்.

நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறும், நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. மார்ச் நடுவில் திருச்சியில் உதயம் 6.20-ஐ ஒட்டி. ஆறே முக்காலுக்கு நீங்கள் பார்த்தது ஐந்து ஆறு பாகை உயரத்தில் இருந்த சூரியன், சாலைக்கு மிக நெருக்கம். அரை மணி நேரம் தள்ளிக் கிளம்பியிருந்தால் அதே இடத்தில் அது பன்னிரண்டு, பதின்மூன்று பாகைக்கு ஏறியிருக்கும், வைசருக்குள் அடங்கியிருக்கும். தள்ள முடியாவிட்டால் முன்னதாகக் கிளம்பி 6.20-க்குள் தஞ்சையை நெருங்கிவிடலாம். இரண்டும் முடியாத நாளில், கண் கூசும் தூரம் இருபது கிலோமீட்டர் என்றாலும் அதை 35-க்குள் ஓட்டுங்கள். 80-ல் ஓட்டுவதைவிடக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் கூடும். கண்ணே தெரியாத நிலை வந்தால் பெட்ரோல் பங்க் அல்லது லாரிகள் நிற்கும் விரிவுக்குள் முழுவதுமாக இறங்கி நில்லுங்கள். சாலையோரக் கோட்டுக்குள் ஒரு சக்கரம் இருக்கும்படி நிறுத்தாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள்தான் அந்தத் தெரியாத பொருள்.

மாலைத் திரும்புதலுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. காலையில் ஒவ்வொரு நிமிடமும் நிலைமை சரியாகிக்கொண்டே போகும், மாலையில் சரிந்துகொண்டே போகும். வேலை முடிந்த களைப்பும் சேரும். அந்த நேரத்தில் எதிரே தஞ்சை நோக்கி வருபவர்களுக்கு வெயில் முதுகில் இருப்பதால் அவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், உங்களுக்கு அவர்களைத் தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. சாலையைக் கடப்பவர்களுக்கும் அப்படித்தான், உங்கள் காரைத் தெளிவாகப் பார்த்துவிட்டு நம்பி இறங்குவார்கள். சூரியன் மறைந்ததும் சட்டென்று 80-க்கு ஏறிவிடாதீர்கள். கூசிய கண் இருட்டுக்குப் பழகியிருக்காது, விளக்கில்லாத சைக்கிள்கள் சாலையில் இருக்கும், ஹெட்லைட்டின் தாழ்ஒளி கறுப்புச் சட்டைக்காரரை எட்டிப்பிடிக்கும் தூரமும் குறைவு. அங்கேயும் கறுப்புத் திட்டு ஒன்றைப் பிடித்து நான்கு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.